அந்த வரிகளை நீக்கச் சொல்லாதீர்கள்: ஆய்வேட்டு மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மனச்சோர்வு மருந்தை நிறுத்தியவர்களுக்கு எவ்வளவு காலத்தில் நோய் திரும்புகிறது என்று ஆராய்ந்த என் மாணவியின் ஆய்வேடு இரண்டாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. முதல் முறை நீங்கள் எழுதியதும் அதற்கு நாங்கள் அளித்த விளக்கமும் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. இம்முறை ஒரே வரி: "52 வாரங்கள் முடிக்காதவர்களின் பதிவுகளை நீக்கிவிட்டு, சதவீதக் கணக்காகத் திருத்திச் சமர்ப்பிக்கவும்."

இதைத் தனிக் கடிதமாக அனுப்பியிருக்கலாம். இதே வரி வேறு இளம் ஆய்வாளர்களின் மேசைக்கும் போய்ச் சேர்கிறது என்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். பாதியில் போனவர்களை நீக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் நீக்கச் சொன்ன வரிகளில் ஒன்றை மட்டும் காட்டுகிறேன். பங்கேற்பைப் பாதியில் விட்டவர்களை என் மாணவி ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார். ஒருவரைப் பிடிக்க ஆறு, ஏழு முறை அழைக்க வேண்டியிருந்தது. "ஏன் விட்டார்" என்று குறிப்பேட்டில் தனிப் பத்தி போட்டு எழுதினார். அதில் ஒரு பதிவு இது: "நிறுத்திய மூன்றாம் நாள் தலைசுற்றல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு. இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. பத்தாம் வாரத்திலிருந்து தூக்கம் இல்லை, காரணமின்றி அழுகை. 12-ஆம் வாரம் வேறு மருத்துவரிடம் போய் அதே மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டார். அடுத்த மதிப்பீட்டுக்கு வரவில்லை."

ஆய்வு வரையறுத்த அளவுகோலின்படி இவருக்கு நோய் திரும்பியதாகப் பதிவு இல்லை, ஏனென்றால் அளவிடும் நாளுக்கு அவர் வரவில்லை. 52 வாரங்களையும் முடிக்கவில்லை. ஆகவே உங்கள் கணக்கில் அப்படி ஒருவர் இருந்ததே இல்லை.

இனி கணக்குக்கு வருகிறேன். மாணவியின் தரவு பெரிது. கையால் போட்டுப் பார்க்க வசதியாகப் பத்துப் பேர் கொண்ட ஒரு சிறு மாதிரியாக்கித் தருகிறேன். பத்துப் பேரும் மாத்திரையை நிறுத்தினார்கள். நால்வருக்கு 6, 10, 16, 30 ஆகிய வாரங்களில் நோய் திரும்பியது. ஒருவர் 8-ஆம் வாரம் வெளியூர் போய்விட்டார். மேலே சொன்னவர் 12-ஆம் வாரம் மாத்திரைக்குத் திரும்பினார். இன்னொருவர் 20-ஆம் வாரம் ஆய்விலிருந்து விலகினார். மீதி மூவர் 52 வாரமும் நலமாக இருந்தார்கள்.

நீங்கள் சொன்னபடி பாதியில் போன மூவரையும் நீக்கினால், ஏழு பேரில் நால்வர். நோய் திரும்பியது 57%. நீக்காமல், அந்த மூவரும் நலமாகவே இருந்தார்கள் என்று வைத்துக்கொண்டால், பத்தில் நால்வர், 40%. முதல் கணக்கு, அந்த மூவரும் 8, 12, 20 வாரங்கள் நோய் திரும்பாமல் இருந்தார்கள் என்ற உண்மையைத் தூக்கி எறிகிறது. இரண்டாவது, அதன் பிறகும் அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று தானாகவே கற்பித்துக்கொள்கிறது.

கேப்லனும் மையரும் 1958-இல் சொன்ன வழி இந்த இரண்டு தவறையும் செய்யாது. ஒவ்வொருவரும் தாம் கண்காணிப்பில் இருந்த வாரம் வரை மட்டும் கணக்கில் இருப்பார். 6-ஆம் வாரம் பத்துப் பேரில் ஒருவருக்கு நோய் திரும்பியது, எஞ்சியது 0.90. 8-ஆம் வாரம் ஒருவர் போகிறார். எஞ்சும் விகிதம் மாறாது, ஆள் எண்ணிக்கை மட்டும் எட்டாகிறது. 10-ஆம் வாரம் எட்டில் ஒருவர், 0.90-ஐ எட்டில் ஏழால் பெருக்க 0.79. 12-ஆம் வாரம் இன்னொருவர் போக, 16-ஆம் வாரம் ஆறில் ஒருவர், 0.66. 20-ஆம் வாரத்துக்குப் பின் இருப்பவர் நால்வர், 30-ஆம் வாரம் அவர்களில் ஒருவர், 0.49. ஆக ஓராண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு 51%. சரிபார்க்க விரும்புவோர் R-இல் இதை இட்டுப் பார்க்கலாம். இரண்டாவது வரிசையில் 1 என்றால் நோய் திரும்பியது, 0 என்றால் அதுவரை திரும்பவில்லை:

```r
library(survival)
week    <- c(6, 8, 10, 12, 16, 20, 30, 52, 52, 52)
relapse <- c(1, 0,  1,  0,  1,  0,  1,  0,  0,  0)
summary(survfit(Surv(week, relapse) ~ 1))
```

அந்த 0-க்குப் பெயர் சென்சாரிங். தமிழில் இதைத் தணிக்கை என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தச் சொல்லைப் பார்த்துத்தான் குழு கத்தரிக்கோலை எடுத்துவிட்டதோ என்னவோ. இங்கே எதையும் வெட்டுவதில்லை. "இந்த வாரம் வரை தெரியும், அதற்குமேல் தெரியாது" என்று நேர்மையாகக் குறித்துவைப்பது மட்டுமே.

ஆனால் இளம் ஆய்வாளர்கள் 51 என்ற எண்ணைக் கண்டதும் பேனாவை மூடிவிடக் கூடாது. இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவர் போகும் வாரத்தில், அவருக்கு இனி நோய் திரும்பும் வாய்ப்பும் அங்கேயே தங்கியிருப்பவர்களின் வாய்ப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளியூர் போனவருக்கு அப்படி நினைக்கலாம். 12-ஆம் வாரக்காரருக்கு நினைக்க முடியுமா? அவர் போனதே உடல்நலம் சரிந்ததால்தான். அவரைச் சாதாரண 0 ஆக வைத்தால், தேறி நிற்கும் ஆறு பேர் அவருக்கும் பிரதிநிதிகளாகிவிடுகிறார்கள். எந்த மென்பொருளும் இதைக் கண்டுபிடித்து எச்சரிக்காது, ஏனென்றால் எண்களுக்குள் அந்தத் தகவல் இல்லை. "ஏன் விட்டார்" என்ற பத்தியில்தான் இருக்கிறது.

அந்தப் பத்தி இருந்தால் என்ன செய்யலாம் என்று பாருங்கள். மருந்துக்குத் திரும்புவதையும் நிகழ்வாகவே எடுத்துக்கொண்டு 12-ஆம் வாரத்தில் 0-க்குப் பதில் 1 இட்டால், ஓராண்டுக்குள் நோயோ மாத்திரையோ திரும்பும் வாய்ப்பு 58%. இரண்டையும் பிரித்து, போட்டி நிகழ்வுகளாகக் கணக்கிட்டால், 47% பேருக்கு முதலில் நோய் திரும்புகிறது, 11% பேர் அதற்கு முன்பே மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். 51, 58, 47 மூன்றும் சரியான விடைகள்தாம், கேள்விகள்தாம் வேறு. 51 என்பது யாருமே மாத்திரைக்குத் திரும்பாத ஓர் உலகைப் பற்றிய எண். அதுவும் மேலே சொன்ன நிபந்தனை பொருந்தினால்தான். நிறுத்தலாமா என்று மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கேட்பது 58-ஐ. எந்தக் கேள்வி என்று ஆய்வேட்டில் முன்கூட்டியே எழுதச் சொல்லுங்கள்; அது நியாயமான திருத்தம், மறுக்காமல் செய்வோம்.

அந்தக் குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாம் நாள் தலைசுற்றலும் மின்சார உணர்வும் மருந்தை நிறுத்தியதன் விலகல் விளைவு. நோய் திரும்புதல் பொதுவாக இத்தனை சீக்கிரம் தொடங்குவதில்லை. தொடங்கினால் இப்படி இரண்டு வாரத்தில் தானாக மறைவதும் அரிது. ஆனால் மனச்சோர்வை அளக்கும் வினாப்பட்டியல்கள் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் மதிப்பெண் தருகின்றன. விலகல் விளைவிலும் இவை இரண்டும் வரும். ஆகவே முதல் சில வாரங்களில் எஞ்சும் விகிதத்தின் வளைகோடு செங்குத்தாக இறங்கினால், அதில் எவ்வளவு நோய், எவ்வளவு விலகல் என்று கேட்டே ஆக வேண்டும். ஃப்ளூவாக்ஸெடின் உடலை விட்டு வெளியேற வாரக்கணக்கில் ஆகும். பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் சில நாட்களில் போய்விடும். எல்லாரையும் ஒரே கோட்டில் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். அறிகுறி தொடங்கிய நாளும் மறைந்த நாளும் குறிக்கப்பட்டிருந்தால்தான் பிரித்துப் பார்க்க முடியும். என் மாணவி குறித்திருக்கிறார். நீங்கள் நீக்கச் சொல்கிறீர்கள்.

முதல் முறை நீங்கள் எழுதிய இன்னொரு குறிப்பையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது: "ஹசார்ட் விகிதம் 2 என்றால் இரு மடங்கு பேருக்கு நோய் திரும்புகிறது என்று எளிமையாக எழுதவும்." எளிமைதான், தவறும்கூட. 2021-இல் வெளியான பிரிட்டனின் ஆன்ட்லர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் மருந்து எடுத்து, நிறுத்தலாம் என்ற அளவுக்குத் தேறியிருந்த 478 பேர். மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39% பேருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56% பேருக்கும் ஓராண்டில் நோய் திரும்பியது. ஹசார்ட் விகிதம் 2.06. ஆனால் 56-ஐ 39-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 1.4. ஹசார்ட் விகிதம் ஒப்பிடுவது வேகத்தை: இந்தக் கணம் வரை நலமாக இருப்பவர்களுக்கு அடுத்த கணத்தில் நோய் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை. ஆண்டு முடிவில் மொத்தம் எத்தனை பேர் என்பது வேறு எண். இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய ஆய்வேடு உங்கள் ஒப்புதல் முத்திரையோடு நூலகத்துக்குப் போயிருந்தால், அடுத்த ஆண்டு இன்னொரு மாணவர் அதை மேற்கோள் காட்டியிருப்பார்; அதையும் நீங்களே ஒப்பியிருப்பீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போய்விட்டேன், பொறுத்தருள வேண்டும். உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் p மதிப்புக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. பக்க ஓரம் எத்தனை அங்குலம் என்பதற்குக்கூட இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் கண்காணிப்பில் மிஞ்சியிருந்தார்கள் என்பதற்கு இல்லை. மேலே உள்ள மாதிரியில் 30-ஆம் வாரத்திலிருந்து 52 வரை கோடு அசையாமல் படுத்திருக்கிறது. பார்ப்பவருக்கு, இனி ஆபத்து இல்லை என்று தோன்றும். அந்த நீண்ட கோட்டைத் தாங்குபவர்கள் மூன்றே பேர். வரைபடத்தின் அடியில் அந்த 3-ஐ எழுதாமல் விட்டால் படிப்பவர் ஏமாறுவார்.

ஆகவே பணிவுடன் மறுபடி கேட்கிறேன். நீக்கச் சொன்ன குறிப்பைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக ஆய்வாளர்களிடம் இவற்றைக் கேளுங்கள்: நாளைக் கடைசி மாத்திரையிலிருந்து எண்ணினீர்களா, குறைக்கத் தொடங்கிய நாளிலிருந்தா? கடைசி மாத்திரையிலிருந்து என்றால், குறைக்கும்போதே நோய் திரும்பியவர்கள் கணக்கில் எங்கே? பாதியில் போனவர்கள் ஒவ்வொருவரும் ஏன் போனார்கள்? மாத்திரைக்குத் திரும்பியவர்களை நிகழ்வாக எண்ணினால் விடை எவ்வளவு மாறுகிறது?

திருத்திய ஆய்வேட்டை இம்மடலுடன் அனுப்புகிறோம். மூன்று கணக்குகளும் தனித்தனி அட்டவணையாக உள்ளன. "ஏன் விட்டார்" பத்தி, பங்கேற்றவர்களை அடையாளம் காட்டாத வடிவில், பின்னிணைப்பில் உள்ளது. ஒரு வரியும் நீக்கப்படவில்லை.

இப்படிக்கு,
அந்த மாணவியின் வழிகாட்டி