மூக்குக்கண்ணாடி உட்கருவும் ‘பேண்ட்’ என்ற ஒரு சொல்லும்: ஆய்வகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இரத்த ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கும், நுண்ணோக்கியில் ஸ்லைடு பார்த்து வெள்ளணு வகைகளை எண்ணும் தொழில்நுட்பநர்களுக்கும்,

வணக்கம்.

காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் ஸ்லைடு என் மேசைக்கு வந்தபோது, அவளுக்கு எலும்பு மஜ்ஜை எடுக்க நாள் குறித்தாயிற்று. முதல் அறிக்கையில் மொத்த வெள்ளணுக்கள் 9,800, பேண்ட் செல்கள் 58 விழுக்காடு, முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் வெறும் 6 விழுக்காடு என்றிருந்தது. இரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்று அஞ்சி, நரம்பு வழியே ஆன்டிபயாட்டிக் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, இரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, சி.ஆர்.பி. அளவும் இயல்பாகவே இருந்தது. ஆனால் பத்தாம் நாள் எடுத்த இரத்தத்திலும் பேண்ட் செல்கள் 55 விழுக்காடு என்று வரவே, தொற்று பற்றிய ஐயம் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஐயமாக மாறிவிட்டது.

அந்த ஸ்லைடில் பேண்ட் செல்களே அநேகமாக இல்லை. இளம் பேண்ட் செல்லின் உட்கரு குதிரைலாடம் போல் வளைந்து, இரு விளிம்புகளும் ஏறக்குறைய இணையாக ஓட, குரோமாட்டின் சற்று வெளிறியே தெரியும். இங்கே நான் கண்டவை மெல்லிய இழையொன்றால் இணைந்த இரண்டு உருண்டைக் கதுப்புகள். மூக்கின் மேல் அமரும் பழைய காலத்துக் கண்ணாடியின் வடிவம். சில செல்களில் உட்கரு நிலக்கடலை போல் நடுவில் லேசாக ஒடுங்கியிருந்தது. மூன்று கதுப்புள்ளவை மிக அரிது. குரோமாட்டினோ கட்டி கட்டியாகக் கறுத்து, முற்றிய செல்லுக்குரிய தடிப்போடு இருந்தது. வடிவம் இளமையைச் சொல்ல, குரோமாட்டின் முதிர்ச்சியைச் சொல்லும் இந்த முரண்தான் முதல் அடையாளம். தொற்றில் வரும் கரடுமுரடான நச்சுத் துகள்களோ, டோலே பொருள்களோ, குழிகளோ எந்தச் செல்லிலும் இல்லை.

தந்தையை வரவழைத்து, விரல் நுனியில் ஒரு துளி எடுத்து ஸ்மியர் போட்டோம். அதே கண்ணாடிகள். நாற்பத்தொரு வயது வரை அவருக்குக் குறிப்பிடும்படி எந்தத் தொற்றும் வந்ததில்லை. மஜ்ஜைப் பரிசோதனை கைவிடப்பட்டது.

இது பெல்கர்–ஹ்யூட் மாறுபாடு. 1928-இல் நெதர்லாந்து மருத்துவர் பெல்கர் இதைக் காசநோயாளிகளிடம் கண்டு, மோசமான அறிகுறி என்றே கருதினார். சில ஆண்டுகளுக்குள் ஹ்யூட் இது பரம்பரையாக வரும் தீங்கற்ற தன்மை என்று காட்டினார். ஆக, இதை நோயாகப் பார்க்கும் தவறு இதைக் கண்டறிந்த அன்றே தொடங்கியது. உட்கருவின் உள்சவ்வில் குரோமாட்டினைப் பிணைத்து நிறுத்தும் புரதம் ஒன்று உண்டு. அதற்கான LBR மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் உட்கரு போதிய கதுப்புகளாகப் பிரிவதில்லை. செல் நகர்வதிலும் கிருமியை விழுங்குவதிலும் குறையில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதி வாய்ப்பு. தீங்கற்றது என்று நான் சொல்வது இந்த ஒற்றைப் பிரதி நிலையையே. இரு பிரதிகளும் பழுதானவர்களில் உட்கரு வட்டமாகவே நிற்கும், சிலரிடம் எலும்பு வளர்ச்சிக் கோளாறுகளும் காணப்படும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதையும் நான் பார்த்திருக்கிறேன். மைலோடிஸ்பிளாசியாவிலும், மைகோஃபினோலேட், வால்புரோயேட் போன்ற மருந்துகளாலும் இதே வடிவம் பிற்பாடு தோன்றலாம். அதைப் போலிப் பெல்கர் என்கிறோம். பரம்பரை வகையில் பெரும்பாலான நியூட்ரோஃபில்கள் அவ்வடிவில் இருக்கும். துகள்கள் இயல்பாக இருக்கும். பழைய ஸ்லைடு கிடைத்தால் அதிலும் அதுவே தெரியும். மைலோடிஸ்பிளாசியாவில் பெரும்பாலும் ஒரு பகுதி செல்களே இப்படியிருக்கும். துகள்கள் குறைந்து சைட்டோபிளாசம் வெளுத்திருக்கும். இரத்தசோகையோ தட்டணுக் குறைவோ கூட வரும். வயதானவரிடம் புதிதாகக் கண்டால், குடும்பத்தாரின் ஸ்மியரைப் பார்க்காமல் பரம்பரை என்று எழுதிவிடாதீர்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கருவி ‘லெஃப்ட் ஷிஃப்ட்’ என்று எச்சரித்தால், பேண்ட் என எண்ணும் முன் 40 லென்ஸிலிருந்து எண்ணெய் லென்ஸுக்கு மாறி, குரோமாட்டினையும் துகள்களையும் பாருங்கள். பெல்கர் செல்களை முதிர்ந்த நியூட்ரோஃபில்களோடு சேர்த்து எண்ணி, “பெல்கர்–ஹ்யூட் வடிவம்; பெற்றோர், உடன்பிறந்தார் ஸ்மியர் பார்க்கவும்” என்று குறிப்பெழுதுங்கள். உறுதியானபின் அதை ஒரு தாளில் எழுதி, இம்மாறுபாடு உள்ளவர் கையிலேயே கொடுங்கள். ஏனெனில் அவர் அடுத்த முறை காய்ச்சலோடு போகும் இடத்தில் உங்கள் பதிவேடு இருக்காது. அவருக்கு உண்மையிலேயே தொற்று வந்தால் பேண்ட் எண்ணிக்கை எதையும் சொல்லாது என்பதையும், நச்சுத் துகள்களையும் மொத்த எண்ணிக்கையின் ஏற்றத்தையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பதையும் அத்தாளிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
இரத்தநோயியல் மருத்துவர் ஒருவர்