முதல் பத்தியிலேயே மூடிவிடாமல் இருக்க

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும், கூடவே உன் கம்பெனிக்குப் பணம் திரட்ட நீ எழுதிய சுருக்கமும், அதாவது எக்ஸிகியூட்டிவ் சம்மரியும் கிடைத்தன. மகள் தனியாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எழுதியிருந்தாயே, சந்தோஷம். என் பக்கம் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. முதலீட்டு நிறுவன வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது. காலையில் எழுந்ததும் கை தானாக மின்னஞ்சலைத் திறக்கப் போகிறது. அங்கே யாருடைய திட்டமும் இல்லை என்பது இன்னும் பழகவில்லை. முழங்கால் வலி மட்டும் விடாமல் கூடவே இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். முப்பது முதலீட்டாளர்களுக்கு அனுப்பினேன், இருவர்தான் பதில் போட்டார்கள், அதுவும் 'வாழ்த்துகள்' என்று, எங்கே தப்பு என்று கேட்டிருந்தாய். பழைய பழக்கத்தில்தான் படித்தேன். போனில், நின்றுகொண்டே, அடுத்த வேலைக்குக் கிளம்பும் அவசரத்தோடு. உன் நண்பன் என்பதை மறந்துவிட்டுப் படித்தால் முதல் பத்தியோடு மூடியிருப்பேன். வருத்தப்படாதே. நானே சொந்தக் கம்பெனி நடத்திய காலத்தில் இதைவிட மோசமாக நாலு பக்கம் எழுதி நாற்பது பேருக்கு அனுப்பியவன். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நானே மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது.

படிப்பவர் உன் சுருக்கத்தைத் திறக்கும்போது இதில் பணம் போடலாமா என்று யோசிப்பதில்லை. இதை ஒதுக்கிவிடலாமா என்றுதான் பார்க்கிறார். நம்மைப் பிடிக்காததால் அல்ல. அன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது இன்னும் பதினைந்து இருக்கிறது. என்ன விற்கிறார்கள், யாருக்கு, யாராவது உண்மையிலேயே காசு கொடுக்கிறார்களா, எவ்வளவு கேட்கிறார்கள், இது நம் நிறுவனம் போடுகிற அளவுக்கும் கட்டத்துக்கும் பொருந்துகிறதா. இவ்வளவுதான் சல்லடை. இதற்கு விடை கிடைக்காவிட்டால் மூடிவிடுவார். ஆனால் இன்னொன்றும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை: எல்லாவற்றுக்கும் விடை கிடைத்து, கேட்க எதுவுமே மிச்சமில்லை என்றாலும் மூடிவிடுவார். 'புரிந்தது, நன்றி' என்று போய்விடுவார். இரண்டாம் பத்திக்கு அவரை இழுக்க வேண்டுமானால் முதல் பத்தி ஒரு கேள்வியை அவர் மனதில் போட்டுவிட்டு நிற்க வேண்டும்.

உன் முதல் பத்தியை இங்கே எழுதுகிறேன், உரக்கப் படித்துப் பார்:

"வேகமாக மாறிவரும் இன்றைய உலகில் குளிர்பதனத் துறை மாபெரும் வளர்ச்சியைக் கண்டுவருகிறது. அதிநவீனத் தொழில்நுட்பத்தின் துணையோடு இத்துறையையே புரட்டிப்போடும் ஒருங்கிணைந்த தளத்தை உருவாக்கும் தொலைநோக்குடன் எங்கள் நிறுவனம் தொடங்கப்பட்டது. 42 வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றுள்ள எங்கள் தீர்வு 85 சதவீதத் துல்லியம் கொண்டது."

நீ விற்பது சென்சாரா, மென்பொருளா, குளிர்சாதனப் பெட்டியா? எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ இரவு முழுக்கப் போனில் அதைப் பற்றியே பேசுகிறவன். முன்பின் தெரியாதவருக்கு இதில் ஒன்றும் பிடிபடாது. 'தளம்', 'தீர்வு' என்ற இரண்டு சொற்களையும் எங்கே பார்த்தாலும் அடித்துவிடு. அந்த இடத்தில் வாடிக்கையாளர் கையில் தொட்டுப் பார்க்கிற பொருளின் பெயரைப் போடு.

உன்னோடு பேசியதிலிருந்தும், நீ ஏழாம் பக்க அட்டவணையில் புதைத்து வைத்திருந்ததிலிருந்தும் எடுத்து இப்படி மாற்றி எழுதினேன்:

"குளிர்க் கிடங்குகளில் கம்ப்ரஸர் பழுதாகி நிற்பதை, சராசரியாக 9 நாள் முன்பே சொல்லிவிடும் சென்சாரை மாதச் சந்தாவுக்குத் தருகிறோம். தொடங்கி 14 மாதம் ஆகிறது. இன்று 31 கிடங்குகள் பணம் கட்டுகின்றன, சேர்ந்து விலகியவை 2. இதுவரை அனுப்பிய 46 எச்சரிக்கைகளில் 39 சரியானவை என்று மெக்கானிக் திறந்து பார்த்து உறுதி செய்திருக்கிறார். அடுத்த 18 மாதத்தில் 200 கிடங்குகளை எட்ட இந்தத் தொகையைத் திரட்டுகிறோம்."

தொகையை நீயே போட்டுக்கொள். ஆனால் முதல் பத்தியிலேயே போடு. கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினால், தன் நிறுவனம் அந்த அளவு போடுமா போடாதா என்பதை அறிய அவர் தேட வேண்டியிருக்கும். தேட மாட்டார்.

46க்கு 39 என்பதும் 85 சதவீதம் என்பதும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் சதவீதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எதில் 85 என்று தெரியாது. 46, 39 என்றால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. மிச்சம் 7 என்ன ஆயிற்று என்ற கேள்வியும் எழுகிறது. அந்த 7ஐ நீ மறைக்க நினைத்தாய். எனக்கோ அவரை அடுத்த பத்திக்குக் கூட்டிப்போகப் போவதே அந்த ஏழுதான்.

42 எப்படி 31 ஆனது என்று கேட்பாய். மீதி 11 பேர் இலவசச் சோதனையில் இருப்பவர்கள், நீயே சொன்னது. இலவசமாக வைத்துப் பார்ப்பவரை வாடிக்கையாளர் என்று எழுதாதே. முதல் சந்திப்பிலேயே, எத்தனை பேர் பணம் கட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். நீ 31 என்று சொல்லும் அந்த நொடியில் உன் மற்ற எண்கள் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் விழும். 11ஐத் தனியாக, சோதனை என்ற பெயரிலேயே, பின்னால் சொல். அதில் குறைவொன்றும் இல்லை.

இரண்டாம் பத்தியின் வேலை, முதல் பத்தி கிளப்பிய கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது. நீ அந்த இடத்தில் நிறுவனர்களின் படிப்பு, பட்டம் என்று போயிருந்தாய். கிடங்குகளில் ஏற்கனவே வெப்பநிலை அலாரம் இருக்கிறதே, இது எதற்கு என்றுதானே யாருக்கும் முதலில் தோன்றும்? அலாரம் அடிப்பது உள்ளே சூடு ஏறிய பிறகு. அதற்குள் கம்ப்ரஸர் நின்றிருக்கும், சரக்கு கெட ஆரம்பித்திருக்கும். உன் சென்சார் பார்ப்பது மோட்டாரின் அதிர்வையும் அது இழுக்கும் மின்சாரத்தையும். பேரிங் தேய ஆரம்பித்தால் அதிர்வு கூடுகிறது. குளிரூட்டும் வாயு கசிந்தால் அதே குளிருக்கு மோட்டார் அதிக நேரம் ஓடுகிறது. இரண்டும் வெப்பமானியில் தெரிவதற்கு முன்பே இங்கே தெரிந்துவிடும். இதை மூன்று வாக்கியத்தில் எழுது. அடுத்து அந்த ஏழு: பக்கத்தில் ஓடிய வேறு இயந்திரத்தின் அதிர்வால் வந்தவை 5, இன்னும் காரணம் தெரியாதவை 2. அப்படியே எழுது, அந்த இரண்டையும் விடாமல்.

மூன்றாம் பத்தியில் உனக்கும் எனக்கும் சண்டை வரும், தெரியும். உன் 31 கிடங்குகளில் 12 ஒரே முதலாளியுடையவை. அவர் நாளைக்கு வேண்டாம் என்றால் உன் கிடங்குகளில் ஐந்தில் இரண்டு போய்விடும். அதனால்தான் அதை அட்டவணையில் சின்ன எழுத்தில் வைத்திருந்தாய். படிப்பவர் அதை எப்படியும் கண்டுபிடிப்பார். தானாகக் கண்டுபிடித்தால் ஏமாற்றப் பார்த்தார்கள் என்று நினைப்பார். நீயே சொன்னால், தன் பலவீனம் எதுவென்று தெரிந்தவன் என்று நினைப்பார். ஆனால் வெறுமனே ஒப்புக்கொண்டு நிற்காதே. கடந்த 6 மாதத்தில் சேர்ந்த 9 கிடங்குகளில் ஒன்றுகூட அவருடையது இல்லை, ஒன்பதும் வெவ்வேறு உரிமையாளர்கள் என்று சொன்னாயே, அதை அடுத்த வாக்கியமாக வை. முதல் பத்தியில் மட்டும் இதைப் போடாதே. நீ என்ன செய்கிறாய் என்று அவருக்கு விளங்குவதற்கு முன்பே அவர் கையில் மறுக்க ஒரு காரணத்தைக் கொடுத்துவிடக் கூடாது.

சந்தை அளவைப் பற்றி நீ எழுதியிருக்கும் அரைப் பக்கத்தை எடுத்துவிடு. 'இந்தப் பெரிய சந்தையில் வெறும் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும்' என்ற வரியைப் பார்த்தால் படிப்பவர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள், நானும் சிரித்திருக்கிறேன். உன் சென்சார் பொருந்தும் அளவுள்ள கிடங்குகள் எத்தனை, ஒவ்வொன்றும் வருடத்துக்கு எவ்வளவு கட்டும், இரண்டையும் பெருக்கு. ஒரே வாக்கியம். நிறுவனர் அறிமுகத்துக்கும் அவ்வளவுதான்: உன் கூட்டாளி பத்து வருடம் கம்ப்ரஸர் பழுது பார்த்தவர் என்பது போதும், பட்டமெல்லாம் வேண்டாம்.

இன்னொரு விஷயம். உன் சுருக்கத்தை முதலில் படிப்பது பெரும்பாலும் முடிவெடுப்பவர் இல்லை, அவருக்குக் கீழே இருக்கும் இளைஞர். பிடித்திருந்தால் அவர் முடிவெடுப்பவர்கள் கூட்டத்தில் வாயால் சொல்ல வேண்டும், காகிதத்தைப் பார்க்காமல். அதனால் முதல் வாக்கியம் ஒரு தடவை கேட்டவர் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நான் செய்யும் சோதனை இது: இந்தத் தொழில் தெரியாத ஒருவரிடம் முதல் பத்தியைக் கொடுத்து இருபது நொடியில் பிடுங்கிக்கொள். என்ன விற்கிறார்கள் என்று கேள். பதில் தப்பாக வந்தால் முதல் வாக்கியத்தைத் திருத்து. சரியாகச் சொல்லிவிட்டு 'சரி' என்று நிறுத்திக்கொண்டால் அந்தப் பத்தியில் கொக்கி இல்லை. 'அதெப்படி ஒன்பது நாள் முன்னாடியே தெரியும்?' என்று அவராகக் கேட்டால் அனுப்பலாம். உன் பழைய பத்தியை என் தம்பியிடம் கொடுத்தேன். 'ஐஸ் கம்பெனியா?' என்றான்.

இப்படி எழுதினால் முப்பது பேரும் பதில் போடுவார்கள் என்று நினைக்காதே. நீ அனுப்பியவர்களில் சிலர் கருவி செய்யும் நிறுவனங்களில் போடவே மாட்டார்கள், சிலர் உன்னைவிடப் பெரிதாக வளர்ந்தவற்றில்தான் போடுவார்கள். அவர்களை எந்தப் பத்தியும் அசைக்காது. பட்டியலை எனக்கு அனுப்பு, யாரை விடலாம் என்று சொல்கிறேன். முதலில் ஐந்து பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்போம். ஏதாவது உறுத்தினால் மிச்சப் பேருக்கு அனுப்புமுன் மாற்றிக்கொள்ளலாம். உன் முப்பதை ஒரே நாளில் செலவழித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மொத்தம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். மூன்றாம் பத்தியை நீயே எழுதி அனுப்பு. அந்தப் பன்னிரண்டு கிடங்கு முதலாளியைப் பற்றி நான் எழுதினால் நியாயமாக இருக்காது. விலகிய அந்த இரண்டு பேர் ஏன் விலகினார்கள் என்பதையும் கேட்டு வை. அதை நீ இதுவரை எனக்குக்கூடச் சொன்னதில்லை.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். சைக்கிள்காரிக்குத் தனியாக.

உன் பழைய அறைத்தோழன்