சர்வர் திடீரென்று மெதுவாவது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் பராமரிப்பில் உள்ள மலிவு வாடகை சர்வர்களில் ஒன்று அண்மையில் ஒரு புதன்கிழமை மாலை ஏறக்குறைய முடங்கிப்போனது. பார்வையாளர் கூட்டம் கூடவில்லை, புதிதாக எதுவும் அன்று நிறுவப்படவில்லை, கண்காணிப்பு வரைபடமோ பிராசசர் பயன்பாடு வெறும் 10 சதவீதம்தான் என்று காட்டியது. அதே வகை சர்வரைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் இது நேரக்கூடும் என்பதால் காரணத்தை விளக்கமாக எழுதுகிறோம்.

அந்த சர்வர் அமேசான் கிளவுடின் `t2.micro` வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு பிராசசர் இருக்கிறது என்றாலும், அதன் முழு வேகத்தை நாள் முழுவதும் பயன்படுத்தும் உரிமை நமக்கு இல்லை. நிலையாகக் கிடைப்பது அதில் 10 சதவீதம் மட்டுமே. அதற்கு மேல் தேவைப்படும்போது, சேர்த்து வைத்த கிரெடிட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கிரெடிட் என்பது ஒரு பிராசசரை ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓட்டுவதற்கான உரிமை. இந்த வகைக்கு மணிக்கு 6 கிரெடிட் வரவு வைக்கப்படுகிறது. செலவழிக்காமல் விட்டால் 144 வரை சேரும், அதற்கு மேல் வருவது வீணாகிவிடும்.

மேற்சொன்ன சர்வரில் இணையதளம் சராசரியாக 5 சதவீதம்தான் பிராசசரை எடுத்துக்கொண்டது. ஆகவே அதன் இருப்பு எப்போதும் 144 ஆகவே இருந்தது. திங்கட்கிழமை மாலை, பதிவுக் கோப்புகளை அலசும் சிறு நிரல் ஒன்றை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி அமைத்தோம். ஒவ்வொரு முறையும் அதற்குத் தேவைப்பட்டது 6 விநாடி, அதாவது பிராசசரின் 10 சதவீதம். தளத்தின் தேவையோடு சேர்த்தால் மொத்தம் 15 சதவீதம். மணிக்கு 9 கிரெடிட் செலவு, 6 வரவு, 3 குறைவு. 144-ஐ 3-ஆல் வகுத்தால் 48 மணி நேரம். திங்கள் மாலை செய்த தவற்றின் விளைவு புதன் மாலைதான் வெளியே தெரிந்தது. அதுவரை சர்வர் முழு வேகத்தில் சுறுசுறுப்பாகவே பதிலளித்ததால் யாருக்கும் ஐயம் எழவில்லை, தவறு எங்களுடையதுதான்.

இருப்பு தீர்ந்தபின் நிலைமை தானாகவே மேலும் மோசமானது. முன்பு 6 விநாடியில் முடிந்த வேலைக்கு, பத்தில் ஒரு பங்கு வேகத்தில், தளம் சும்மா இருந்தாலும்கூட ஒரு நிமிடம் ஆகும். தளமும் பங்கு கேட்டதால் ஒரு ஓட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தது. வரைபடத்தில் தெரிந்த 10 சதவீதம் ஓய்வின் அடையாளமன்று. அதற்கு மேல் போகாதபடி பூட்டப்பட்டிருந்ததன் அடையாளம். உள்ளே நுழைந்து, பிராசசர் நேரம் எதில் செல்கிறது என்று காட்டும் `top` கட்டளையை இட்டபோது உண்மை தெரிந்தது:

```
%Cpu(s): 8.1 us, 1.7 sy, 0.0 ni, 0.0 id, 0.0 wa, 0.0 hi, 0.2 si, 90.0 st
```

கடைசியில் உள்ள `st`, நம் வேலை காத்திருந்தும் பிராசசர் நமக்கு ஒதுக்கப்படாத நேரத்தைக் குறிக்கும். பிராசசர் சும்மா இருந்த நேரத்தைக் காட்டும் `id` சுழியமாகவும் `st` இவ்வளவு உயரத்திலும் இருந்தால், கிரெடிட் தீர்ந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அந்த இருப்பு `CPUCreditBalance` என்ற பெயரில் அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் காணக் கிடைக்கும்.

சர்வரை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிவிடுகிறதே என்று சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. `t2` வகையில் அப்படித் தொடங்கும்போது பொதுவாக 30 கிரெடிட் புதிதாகத் தரப்படுவதுதான் அந்த மாயத்தின் காரணம். முழு வேகத்தில் ஓடினால் அது ஏறக்குறைய 33 நிமிடத்தில் கரைந்துவிடும். மேலும், நிறுத்தும்போது ஏற்கெனவே சேர்த்திருந்த இருப்பு அழிந்துபோகும் என்பதால், இருப்பு உள்ள சர்வரை இப்படிச் செய்வது நட்டமே. சர்வரை நிறுத்தாமல் செய்யும் வெறும் மறுதொடக்கத்தால் இருப்பு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

அன்று நாங்கள் செய்தது, அந்த நிரலைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றியது மட்டுமே. மொத்தத் தேவை 6 சதவீதமாகக் குறைந்தது, மணிக்கு 2.4 கிரெடிட் மிஞ்சியது. இருப்பு மீண்டும் நிரம்ப 60 மணி நேரம் பிடித்தது. `unlimited` என்ற முறைக்கு மாற்றினால் இருப்பு தீர்ந்தாலும் வேகம் குறையாது. ஆனால் சராசரிப் பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வரும். மெல்ல ஒழுகும் நிரலைக் கண்டுபிடிக்காமல் அதை இயக்குவது, வேகக் குறைவைக் கட்டணச் சீட்டுக்கு இடம் மாற்றுவதாகிவிடும் என்பதால், உங்கள் ஒப்புதல் இன்றி அதை நாங்கள் இயக்க மாட்டோம்.

இந்த வகை சர்வர்கள் அனைத்திலும் இருப்பு 50-க்குக் கீழே இறங்கினால் எங்களுக்கு எச்சரிக்கை வரும்படி இப்போது அமைத்துள்ளோம். மேற்சொன்னது போன்ற மெதுவான ஒழுக்கு என்றால், அதன்பின் கையில் 16 மணி நேரத்துக்கு மேல் இருக்கும். உங்கள் பக்கத்திலிருந்து தானாக ஓடும் வேலை எதையேனும் புதிதாகச் சேர்த்தால், அது எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது, ஒரு முறைக்கு எத்தனை விநாடி பிராசசரை எடுக்கிறது என்ற இரண்டையும் எங்களுக்கு எழுதி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புக் குழு