தேர்ச்சி அறிக்கையில் வரும் இரண்டு புதிய நிரல்கள்

திருகோணமலை

அன்பான பெற்றோருக்கு,

தரம் 10 கணிதப் புள்ளிப் பட்டியலில் இரண்டு புதிய நிரல்களைச் சேர்த்திருக்கிறோம். ஒன்று சதமணை நிலை, மற்றது வகுப்பை நான்கு பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் காலணை.

சதமணை நிலை என்பது பிள்ளை எடுத்த புள்ளி அல்ல. வகுப்பில் எத்தனை வீதமானோர் அந்தப் பிள்ளைக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதைத்தான் அது காட்டும். பரீட்சை எழுதியவர்கள் 32 பேர் என்று வைப்போம். ஒரு பிள்ளைக்கு 57 புள்ளி. அதற்குக் குறைவாக எடுத்தவர்கள் 17 பேர், அதே 57 எடுத்தவர்கள் அவரோடு சேர்த்து 4 பேர். கீழே உள்ள 17 பேரோடு, சமமாக நிற்கும் நால்வரில் பாதியான 2ஐக் கூட்டி 32ஆல் வகுத்தால் 59 வீதம் வரும். வீட்டில் கணினியில் `PERCENTRANK.INC` போட்டுப் பார்ப்பவர்களுக்கு 0.548, அதாவது 54.8 வீதம் வரும். அது 17ஐ 31ஆல் வகுக்கிறது. இரண்டும் சரியான முறைகள்தான், ஆனால் இரண்டையும் கலந்து ஒப்பிடக்கூடாது.

சதமணை நிலை இடத்தைச் சொல்லும், தூரத்தைச் சொல்லாது. 57 எடுத்த அந்தப் பிள்ளை ஒரு புள்ளி கூடுதலாக எடுத்து 58இல் தனியாக நின்றிருந்தால், அவருடைய நிலை 59இலிருந்து 64க்குப் போயிருக்கும். அதே வகுப்பில் முதலாம் பிள்ளைக்கு 94, இரண்டாம் பிள்ளைக்கு 81 என்றால், 13 புள்ளி இடைவெளி 98, 95 என்று வெறும் மூன்றாகச் சுருங்கிவிடும். அதனால் எடுத்த புள்ளியையும் பக்கத்தில் வைத்தே பாருங்கள்.

காலணையில் போன தவணை எங்களால் ஒரு பிழை நேர்ந்தது. பட்டியலைப் புள்ளிப்படி அடுக்கி, எட்டு எட்டுப் பேராக வெட்டினோம். கீழிருந்து எட்டாவதும் ஒன்பதாவதும் 46 எடுத்த பிள்ளைகள். ஒருவர் கீழ்க் காலிலும் மற்றவர் அதற்கு மேலும் விழுந்தார்கள். ஒரே புள்ளிக்கு இரண்டு பெயர் கொடுத்தது நியாயமில்லை. கீழ்க் காலில் விழுந்த பிள்ளையிடமும் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இனி காலணையைச் சதமணை நிலையிலிருந்தே எடுப்போம். 25க்குக் கீழே என்றால் கீழ்க் கால், 25இலிருந்து அடுத்த கால். அந்த இருவருக்கும் இப்போது 25 வருகிறது, இருவரும் இரண்டாம் காலில். கீழ்க் காலில் ஏழு பேர்தான் இருப்பார்கள், பரவாயில்லை.

‘முதலாம் காலணை’ என்று எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். கணிதத்தில் அது அடிக்கால். ஆனால் முதலாம் இடம் என்று சில பெற்றோர் சந்தோஷப்பட்டார்கள், பிறகு உண்மை தெரிந்து வருந்தினார்கள். கீழ்க் கால், இரண்டாம் கால், மூன்றாம் கால், மேல் கால் என்றே இனிப் போடுவோம்.

பரீட்சைக்கு வராத பிள்ளைகளைச் சுழியமாகக் கணக்கிடவில்லை. கணக்கிட்டால் மற்ற எல்லோருடைய நிலையும் பொய்யாக உயரும்.

இன்னொன்று. வகுப்பு முழுவதும் 60க்கு மேல் எடுத்தாலும் கீழ்க் காலில் பெரும்பாலும் சிலர் இருப்பார்கள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பிள்ளையை ஏசாதீர்கள். முதலில் புள்ளியைப் பாருங்கள், அப்புறம் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்கள் பாடசாலை விடும் நேரத்துக்கு வந்தாலும் ஆசிரியர் காத்திருப்பார்.

இப்படிக்கு,
அதிபர்