தவறான ஐடிக்குப் போன யுஎஸ்டிடி

வணக்கம். நம் உறுப்பினர் ஒருவர் நேற்று கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்குள் 200 யுஎஸ்டிடி அனுப்பும்போது, யூசர் ஐடியின் கடைசி 68-ஐ 86 என்று அடித்துவிட்டார். இது பிளாக்செயினுக்கே போகாமல், எக்ஸ்சேஞ்சின் கணக்குகளுக்குள்ளேயே நடக்கும் பரிமாற்றம். நொடியில் முடிந்துவிடும், ரத்து செய்ய முடியாது.

1. ஆர்டர் எண், நேரம், தொகை, இரண்டு ஐடிகளும் குறிப்பிட்டு ஆப்பிலேயே சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். ஐடிக்குப் பதில் மின்னஞ்சலைப் போட்டு அனுப்பி, அது தவறாகியிருந்தாலும் இதே வழிதான்.
2. அவர்கள் பெற்றவரிடம் சம்மதம் கேட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவர் விவரத்தை நமக்குத் தரமாட்டார்கள். மறுத்தால் போலீஸ் புகார்தான் வழி.
3. "மீட்டுத் தருகிறோம்" என்று டெலிகிராமில் வருபவர்கள் மோசடிக்காரர்கள்.
4. இனி முதலில் 1 யுஎஸ்டிடி அனுப்பி, வந்ததா என்று கேட்டபின் மீதியை அனுப்புங்கள்.

இதே சிக்கலில் இருப்பவர்கள் ஞாயிறு மாலை 6 மணிக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். படித்தவர்கள் "சரி" என்று பதில் போடவும்.