இரண்டு நிமிடத்தில் ஒரு மனுசரை மேடைக்கு அழைப்பது

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய், இங்கே வெள்ளவத்தையிலும் அப்படித்தான், பின்னேரம் ஆனால் காலி வீதியில் கால் வைக்க முடியாது. பிள்ளைகள் சுகம். எனக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைந்திருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பழைய மாணவர் சங்கம் கணக்குச் சேருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுக்கிறது, அறிமுக உரை நீ, தந்த நேரம் இரண்டு நிமிடம், அவர் படிப்பித்ததோ நாற்பது வருஷம், எதைச் சொல்வது எதை விடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறாய். போன மாதம் சங்கரப்பிள்ளை மண்டபத்தில் இதே வேலை என் தலையில் விழுந்தது. வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்த்த ஒருவர், இப்போது வயது 78. அதை எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன், உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்.

விழாக் குழு எனக்கு அனுப்பிய பயோடேட்டா ஐந்து பக்கம். 1968இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் சேர்ந்தார், 2004இல் ஓய்வு பெற்றார், இடையில் வகித்த பதவிகள், வாங்கிய விருதுகள், போய்வந்த பயிற்சிகள், பங்குபற்றிய நாடகங்கள். அதைச் சுருக்கத் தொடங்கினால் கடைசியில் பட்டியல்தான் மிஞ்சும், அதுவும் வேகமாக வாசித்த பட்டியல், சபையில் ஒருவருக்கும் ஒன்றும் ஏறாது. அதனால் நான் சுருக்கப் போகவே இல்லை. முதலில் நிகழ்ச்சி நிரலை வாங்கி, அவரைப் பற்றி அன்றைக்கு வேறு யார் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று பார்த்தேன். விழா மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு முழுதாக அச்சாகிறது. வாழ்த்துமடலில் பதவிகளும் விருதுகளும் இருக்கின்றன, அதைச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்குமுன் ஒருவர் வாசிப்பார். ஏற்புரையில் அவரே தன் கதையைச் சொல்வார். இந்த மூன்றிலும் வருவதைக் கழித்துவிட்டால் அறிமுகம் செய்கிறவனுக்கு ஒரே ஒரு வேலைதான் மிஞ்சுகிறது: இந்த மனுசருக்கு ஏன் கை தட்ட வேண்டும் என்று, அவரைக் கேள்விப்பட்டிராத ஆளுக்கும் விளங்க வைப்பது. உன் விழாவிலும் மலர் வருகிறதா, வாழ்த்துமடலை யார் எழுதுகிறார் என்று முதலில் கேள்.

பிறகு அவரைப் பார்க்கத் தெஹிவளைக்குப் போனேன். இதைக் கட்டாயம் செய், போனில் கதைத்து முடிக்காதே. “என்னென்ன சாதித்தீர்கள்” என்று கேட்டால் பயோடேட்டாதான் திரும்ப வரும். நான் கேட்டது, “உங்களிடம் வேலை பழகிய பிள்ளைகள் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போனார்கள்?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு துண்டு ஒலிநாடாவை எடுத்தார், கால் அங்குல அகலம், மண்ணிறம். அதைச் சவர அலகால் வெட்டிக் காட்டினார். நேராக வெட்டவில்லை, சரிவாக வெட்டினார். நேராக வெட்டி ஒட்டினால் ஒட்டின இடத்தில் ‘டக்’ என்று கேட்கக்கூடும், சரிவாக வெட்டினால் ஒரு ஒலி மற்றதுக்குள் நழுவிப் போகும், காது பிடிக்காது. “ஆனால் மூச்சு எடுக்கிற இடத்தில் மட்டும் வெட்டாதே, நடிகன் மூச்சு எடுத்தால்தான் அவன் மனுசன், இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன்” என்றார். அப்புறம் மழைச் சத்தம் எப்படிச் செய்தீர்கள் என்றதும் குசினிக்குள் போய் சுளகும் பாசிப்பயறும் கொண்டுவந்து உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன் மச்சான். நாங்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்ட அதே மழை!

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இரண்டு நிமிடம்தான் தந்திருக்கிறார்கள் என்று சொன்னபோது அவர் உடனே கணக்குப் போட்டார், செக்கனுக்கு ஏழரை அங்குலம் ஓடினால் 75 அடி நாடா, அதுக்குள்ளே தாராளமாக ஒரு காட்சி வைக்கலாமே என்று. எனக்கு அந்த வார்த்தை பெரிய தைரியம். ஒரு காட்சி போதும், முழு நாடகத்தையும் அதற்குள் அடைக்கத் தேவையில்லை.

போனதால் இன்னும் இரண்டு விஷயம் பிடிபட்டது. பயோடேட்டாவில் “முதலாவது தமிழ் ஒலிக் கட்டுப்பாட்டாளர்” என்று இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டி, “எனக்கு முதலே ஆட்கள் இருந்தார்கள், அவர்களிடம்தான் நான் பழகினேன்” என்றார். அந்த வரியை மேடையில் சொல்லியிருந்தால் அந்தப் பழையவர்களின் பிள்ளைகள் யாராவது சபையில் இருந்து மனம் நொந்திருப்பார்கள், அவரும் ஏற்புரையைத் திருத்தத்தோடு தொடங்க வேண்டி வந்திருக்கும். “முதல்”, “ஒரே”, “அதிக” என்று தொடங்குகிற எதையும் அவரிடமே கேட்டுவிட்டு எழுது. மற்றது, 1983 ஜூலையில் வீடும் அதற்குள் இருந்த நாடாக்களும் எரிந்தது. நான் அதைத் தொடப் போனபோது, “அதை நான் சொல்லுவேன், நீர் விடும்” என்றார். விட்டுவிட்டேன். ஒருவருடைய துயரத்தை அவருக்கு முன்னால் நாங்கள் எடுத்துச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பது, பிறகு அவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து தொண்டை அடைத்து நிற்பது, இதைப் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன், எனக்குப் பிடிப்பதே இல்லை.

இனி எழுதியதைத் தருகிறேன்.

“அவைக்கு வணக்கம். எழுபதுகளில் வானொலி நாடகம் கேட்டவர்களுக்கு ஒரு மழை நினைவிருக்கும். கதவு திறக்கும், வெளியே மழை கொட்டும், யாரோ நனைந்தபடி உள்ளே வருவார்கள். அந்த மழை, சுளகில் உருண்ட பாசிப்பயறு. அதை உருட்டியவர் இன்று நம்முடன் முன்வரிசையில் இருக்கிறார். 1968இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒலியைச் சவர அலகால் வெட்டி ஒட்டினார்கள். 2004இல் ஓய்வு பெற்றபோது அதே வேலையைக் கணினியில் செய்துகொண்டிருந்தார். இடையில் வந்த ஒவ்வொரு கருவியையும் தானே முதலில் பழகி, பிறகு இளையவர்களுக்குப் பழக்கினார். அவரிடம் பழகியவர்கள் இன்று பல கலையகங்களில் இருக்கிறார்கள். அவர்கள் இன்றைக்கும் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: நடிகன் மூச்சு எடுக்கும் இடத்தில் வெட்டாதே. நாடகம் முடிந்ததும் எழுதியவர் பெயர் சொல்வார்கள், நடித்தவர்கள் பெயர் சொல்வார்கள். நேரம் போதாவிட்டால் முதலில் விடுபடுவது ஒலி சேர்த்தவர் பெயர். இன்று அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி அழைக்கிறேன்.”

அதன் பிறகு முதலெழுத்துக்களோடு முழுப்பெயர். அவ்வளவுதான்.

வாசித்துப் பார், நூறு சொல்லுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் ஒன்றேகால் நிமிடத்துக்குக் கிட்ட வரும். மிச்சத்தை வேண்டுமென்றே விட்டேன். பாசிப்பயறு என்றதும் சபை சிரித்துக் கை தட்டியது, அது அடங்குமட்டும் நிற்க வேண்டும், நிற்காமல் பேசினால் அடுத்த வரி ஒருவருக்கும் கேட்காது. வீட்டில் இருந்துகொண்டு மனதுக்குள் வாசித்து நேரம் பார்க்காதே. எழுந்து நின்று, மேடைக் குரலில் வாய்விட்டு, போனில் நேரம் வைத்துப் பார். மனதுக்குள் வாசிப்பது எப்போதும் வேகமாகத்தான் ஓடும்.

வணக்கம் சொல்வதையும் கவனி. தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, கௌரவ விருந்தினர் அவர்களே என்று ஒவ்வொருவராக விளித்தால் அதிலேயே அரை நிமிடம் போய்விடும். வரவேற்புரை சொன்னவர் எல்லோரையும் விளித்து முடித்திருப்பார். தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரே வரியில் முடி, யாரும் கோபிக்க மாட்டார்கள். “ஈடிணையற்ற”, “பன்முக ஆளுமை”, “அன்னாரின் அளப்பரிய சேவை” எல்லாவற்றையும் வெட்டு. எழுதிய ஒவ்வொரு வரியையும் அடுத்த வருஷம் விருது வாங்கப் போகிறவருக்குப் பொருத்திப் பார், பொருந்தினால் அந்த வரி உன் சேருடைய வரி இல்லை.

பெயரைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் எல்லோரும் பார்த்த பெயர்தான், அதில் மர்மம் ஒன்றும் கிடையாது. ஆனால் பெயர் விழுந்தவுடன் கைதட்டல் வரும், அந்தக் கைதட்டலிலேயே அவர் எழுந்து நடந்து வந்துவிடலாம். பெயரைச் சொல்லிவிட்டு இன்னும் நாலு வரி பேசினால் வயதான மனுசர் எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழும்பி நிற்பார். இவர் கைத்தடியோடு நடப்பவர், அதனால் நடைபாதைப் பக்கக் கதிரையை அவருக்கு வைத்து, படியடியில் ஒரு பெடியனை நிற்கச் சொன்னேன். கைதட்டல் தளர்ந்தால் சொல்ல ஒரு வரி கைவசம் வைத்திருந்தேன், தேவைப்படவில்லை, முன்வரிசை எழுந்து நின்றது, பிறகு மண்டபமே எழுந்தது.

உன் சேருக்கு வருவோம். நீ எழுதிய மூன்று பக்கத்தில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம்: பிழையான விடைக்கு அவர் புள்ளடி போட மாட்டார், பிழைத்த வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் இழுத்துக் கொப்பியைத் திருப்பித் தருவார், மிச்சத்தை நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். சபையில் இருக்கும் பழைய மாணவர் எல்லோருடைய கொப்பியிலும் அந்தக் கோடு இருந்திருக்கும், அங்கே தொடங்கு. நாற்பது வருஷத்தைக் காட்ட இரண்டு ஆண்டு போதும், சேர்ந்த ஆண்டும் விட்ட ஆண்டும். பரீட்சைப் பெறுபேறு, அதிபர் பதவி, கட்டிய கட்டடம் எல்லாம் மலருக்குப் போகட்டும். அவர் வீட்டுக்குப் போகும்போது அந்தக் கோட்டை ஏன் இழுத்தார் என்று கேள், எந்த ஆசிரியரிடமிருந்து அதைப் பழகினார் என்றும் கேள். அவருடைய பதில் உன் உரையின் நடுப்பகுதி. பெயரில் வரும் முதலெழுத்துக்களை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள், பயோடேட்டாவில் தட்டெழுத்துப் பிழை இருக்கலாம்.

எழுதி முடித்ததும் வாசித்துப் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பு, நான் நேரம் பார்த்துச் சொல்கிறேன். விழாவுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தாய், இரவு ரயிலுக்கு இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்
வெள்ளவத்தை