சேலத்தில் உச்சி 12 மணிக்கு வருவதில்லை: காலண்டர் அடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் தினசரி காலண்டர் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தாருக்கும், வருஷக் கடைசியில் அதை வாடிக்கையாளர் கையில் சுருட்டிக் கொடுக்கும் கடை முதலாளிகளுக்கும் வணக்கம்.

ஜனவரி மாசத்துத் திங்கட்கிழமைத் தாள் ஒன்றை எடுத்து நிதானமாகப் பாருங்கள். ஒரு மூலையில் சூரிய உதயம் 6.36 என்று இருக்கும். அது நாளாக நாளாக மாறும், போன மாசம் வேறு. அதே தாளில் கொஞ்சம் தள்ளி ராகு காலம் 7.30–9.00 என்று இருக்கும். அது வருஷம் முழுக்க மாறாது. இந்த இரண்டும் ஒரே தாளில் இருக்கக்கூடாது என்பதுதான் என் முறையீடு, ஏனென்றால் ராகு காலம் அந்த உதயத்தில் இருந்துதான் கணக்கிடப்படுகிறது.

கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரிக்க வேண்டும். திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்று, வெள்ளிக்கு நான்கு, புதனுக்கு ஐந்து, வியாழனுக்கு ஆறு, செவ்வாய்க்கு ஏழு, ஞாயிறுக்கு எட்டு. "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயசில் மனப்பாடம் செய்தோமே, அந்த வரிசை. ஆனால் அந்த வாக்கியம் எத்தனையாவது பங்கு என்று மட்டும்தான் சொல்கிறது, மணி சொல்லவில்லை. மணி எங்கிருந்து வந்தது? உதயம் 6, அஸ்தமனம் 6, பகல் 12 மணி நேரம், ஒரு பங்கு ஒன்றரை மணி (பழைய கணக்கில் மூன்றே முக்கால் நாழிகை) என்று கைக்கு எளிதாக வைத்துக்கொண்ட சராசரியில் இருந்து வந்தது. அந்தந்த ஊர்ச் சூரியனை வைத்து ஊர் நேரம் நடந்த காலத்தில் அந்தச் சராசரியில் பெரிய பழுது இல்லை. அப்புறம் 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் என்று ஒன்று வந்தது. அது 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து, அதாவது காக்கிநாடா பக்கம் கடலில் இறங்கும் கோட்டை வைத்து. சேலம் இருப்பது 78.15 பாகையில். ஒரு பாகைக்கு 4 நிமிஷம். ஆக நம் ஊர்ச் சூரியன் நம் கைக்கடிகாரத்துக்குச் சராசரியாகப் பதினேழரை நிமிஷம் பிந்தித்தான் வரும். கடிகாரத்தை மாற்றினார்கள், பட்டியலை யாரும் மாற்றவில்லை.

இதை உதயத்தை வைத்துப் பேசினால் "மேகம் மறைத்தது, மலை மறைத்தது" என்று பேச்சு எங்கோ போகும். உச்சியை வைத்துப் பேசினால் தகராறே இல்லை. எட்டுப் பங்கில் நான்காவது முடிகிற இடம் பகலின் சரிபாதி, அதாவது நடு உச்சி. வெள்ளிக்கிழமை ராகு காலம் உச்சியில் முடிய வேண்டும், புதன்கிழமை ராகு காலம் உச்சியில் தொடங்க வேண்டும். காலண்டரில் வெள்ளி 10.30–12, புதன் 12–1.30. அப்படியென்றால் சேலத்தில் 12 மணிக்கு உச்சி வர வேண்டுமே, வருகிறதா? வருஷத்தில் ஒரு நாள்கூட வருவதில்லை. சூரியனின் ஓட்டம் கடிகாரம் போல ஒரே சீராக இல்லாததால் உச்சி நேரம் முன்னும் பின்னும் ஆடும். ஆனால் எவ்வளவு ஆடினாலும் சேலத்தில் அது மிக முன்னதாக வருவது நவம்பர் முதல் வாரத்தில், அப்போதே 12.01. மிகத் தாமதமாக வருவது பிப்ரவரி நடுவில், ஏறத்தாழ 12.32. நம்ப முடியவில்லை என்றால் மொட்டை மாடியில் ஒரு கம்பை நேராக நிறுத்தி, தை மாசம் 12 மணிக்கு நிழலின் நுனியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள், நிழல் இன்னும் குறுகிக்கொண்டே இருக்கும். 12.30 வாக்கில்தான் குறுகுவது நின்று நீளத் தொடங்கும். நிழல் வடக்கு தெற்காக விழும் நேரமும் அதுதான்.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். ஜனவரி 25 வாக்கில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் உதயம் 6.42, அஸ்தமனம் மாலை 6.17. பகல் 11 மணி 35 நிமிஷம், அதாவது 695 நிமிஷம். எட்டால் வகுத்தால் ஒரு பங்குக்கு 87 நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வாரத்தில் திங்கட்கிழமை ராகு காலம் 8.09-க்குத் தொடங்கி 9.36-க்கு முடியும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு இடம் பேசி முடித்துவிட்டு, அட்வான்ஸ் பணத்தைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு, "ஒன்பது தாண்டட்டும் மாமா, தாண்டினதும் கொடுத்துடலாம்" என்று சுவரில் உள்ள காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பவர், 9.05-க்குக் கொடுக்கிறார். எதைத் தவிர்க்கக் காத்திருந்தாரோ அதன் நடுவில் கொடுக்கிறார். 7.30-க்கே கொடுத்திருக்கலாம், அப்போது ராகு காலம் தொடங்கவே இல்லை.

அதைவிட எனக்கு மனசு கேட்காதது வெள்ளிக்கிழமை விஷயம். ராகு காலத்தைத் தவிர்ப்பவர்கள் ஒரு பக்கம் இருக்க, அந்த நேரத்துக்கென்றே துர்க்கைக்கு விளக்குப் போட வருகிற பெண்கள் எத்தனை பேர்! எலுமிச்சம்பழத்தை இரண்டாக நறுக்கி, சாறு பிழிந்து, தோலை உள்பக்கம் வெளியே திருப்பிக் கிண்ணம் போலச் செய்து, நெய் விட்டுத் திரி போட்டு, 10.30 அடித்ததும் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் குட்டி விளக்கு அரை மணி நேரம் எரிந்தால் பெரிது. "பதினொண்ணு ஆச்சு, அடுப்புல வேலை கிடக்கு" என்று சுற்றி வந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். மேலே சொன்ன ஜனவரி கணக்கில் வெள்ளி ராகு காலம் தொடங்குவதே 11.03-க்கு. விளக்கு அணைந்து, ஆள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு ராகு காலம் வருகிறது. ஒன்பது வாரம், பதினொரு வாரம் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நாம் இதையா கொடுப்பது?

ஆனி மாசத்தில் கதை வேறு மாதிரி. ஜூன் 21 வாக்கில் உதயம் 5.55, அஸ்தமனம் 6.43, ஒரு பங்கு 96 நிமிஷம். திங்கள் ராகு காலம் 7.31–9.07, கிட்டத்தட்ட காலண்டரில் உள்ளதேதான். ஆனால் அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை அது 5.07–6.43. காலண்டர் சொல்வது 4.30–6.00. ஆறு மணி தாண்டியதும் பூஜையைத் தொடங்கலாம் என்று நினைக்கிறவருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கிறது. ஆகவே "எல்லாவற்றுக்கும் பதினேழு நிமிஷம் கூட்டிக்கொண்டால் சரியாகிவிடும்" என்பதும் நடக்காது. எந்த மாசம், எந்தக் கிழமை என்பதைப் பொறுத்துத் தவறு ஒன்றிரண்டு நிமிஷத்திலிருந்து முக்கால் மணி வரை போகிறது. எமகண்டத்துக்கும் குளிகைக்கும் இதே எட்டுப் பங்குதான், இதே பிழைதான்.

உதயத்தை மட்டும் சரியாக எடுத்துக்கொண்டு, பங்கை மாறாத ஒன்றரை மணியாகக் கூட்டிக்கொண்டே போகிறவர்களும் இருக்கிறார்கள். காலை நேரத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் ஜனவரி ஞாயிறுக்கு அப்படிக் கூட்டிப் பாருங்கள், ராகு காலம் 5.12-இலிருந்து 6.42 வரை வரும். அஸ்தமனம் 6.17. பகலின் எட்டாம் பங்கு பகல் முடிந்த பிறகும் எப்படி ஓடும்? பகல் நீளத்தை எட்டால் வகுப்பதுதான் நேர்மையான வழி. பஞ்சாங்கத்தில் அகசு என்று பகல் நீளத்தைத் தனியாகக் கொடுத்திருப்பதே இந்த மாதிரிக் கணக்குக்குத்தான்.

ஏற்காட்டுக்காரர்கள் ஒன்று கேட்பார்கள்: நாங்கள் மலை மேல் இருக்கிறோம், எங்களுக்கு உதயமே வேறு அல்லவா? உண்மைதான். கிழக்குப் பார்த்துத் திறந்த விளிம்பில், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் நின்றால், கீழே இருப்பவரை விட நாலைந்து நிமிஷம் முன்பே சூரியனைப் பார்க்கலாம். மலைக்கு மேற்கே காடையாம்பட்டி பக்கம் இருப்பவருக்குச் சேர்வராயன் மலையைத் தாண்டிச் சூரியன் வந்தால்தான் உண்டு, அவருக்குத் தாமதமாகும். ஆனால் பஞ்சாங்கக் கணக்கில் பொதுவாக எடுப்பது தடையில்லாத சமதளத் தொடுவானத்தை. கண்ணில் எப்போது பட்டது என்பதை அல்ல. உச்சி இந்த மூன்று இடத்துக்கும் ஒன்றுதான், ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் வராது. அதனால் ஏற்காட்டுக்கு வேறு பட்டியல் வேண்டாம், சேலத்துப் பட்டியலே போதும். அதே சமயம் சூரியனின் மேல் விளிம்பை எடுப்பதா, நடுவை எடுப்பதா, காற்றில் ஒளி வளைவதைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே உதயம் மூன்று நிமிஷத்துக்கு மேல் மாறும், ஆகவே தொடக்கமும் முடிவும் ஐந்து நிமிஷம் முன்பின் என்று வைத்துக்கொள்வதுதான் சரி.

போன் இருக்கிறதே, அதில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்க்கிறவர்கள் ஊர் பெயர் சேலம் என்று இருக்கிறதா எனச் சரிபார்க்க வேண்டும். சென்னை என்று இருந்தால் உச்சி எட்டு ஒன்பது நிமிஷம் முன்னால் காட்டும். ஆனால் காலையில் தாள் கிழித்து நாள் பார்க்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம், கோயில் சுவரில் தொங்குவதும் நீங்கள் கொடுத்ததுதான்.

தாள் கட்டு சிவகாசியிலிருந்து மொத்தமாக, தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவாக வருகிறது, அதை உங்களால் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அட்டை உங்கள் கையில் இருக்கிறது. கடைப் பெயர், போன் நம்பர், சாமி படம் எல்லாம் இங்கேதானே முடிவாகிறது? அந்த அட்டையில் சேலத்துக்கு உதயம், உச்சி, அஸ்தமனம் என்று மூன்று பத்தி, 24 வரி போட்டுக் கொடுங்கள். மாசத்துக்கு ஒரு வரி போதாது, ஏனென்றால் மார்கழியில் உச்சி ஒவ்வொரு நாளும் அரை நிமிஷம் நகர்கிறது, ஒரு மாசத்தில் கால் மணி ஆகிவிடும். 1-ஆம் தேதிக்கு ஒன்று, 16-ஆம் தேதிக்கு ஒன்று என்று இருந்தால் போதும். அதன் பக்கத்திலேயே ஒரு பங்கின் நிமிஷத்தையும் போட்டுவிட்டால், வருஷம் முழுக்க அது 86-க்கும் 96-க்கும் நடுவில்தான் இருக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கு வகுக்கிற வேலையும் மிச்சம். கீழே "தாளில் உள்ள ராகு காலம் 6 மணி உதயத்துக்கானது, சேலத்துக்கு இந்தப் பட்டியலைப் பார்க்கவும்" என்று ஒரு வரி.

இந்தப் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் ஒரு நிமிஷத்துக்கு மேல் மாறாது. ஒரு தடவை பிளாக் செய்துவிட்டால் பல வருஷத்துக்கு அதையே ஓட்டலாம். ஆடி 18-க்குப் புது ஆல்பம் வந்து நீங்கள் ஆர்டர் எடுக்கத் தொடங்கும்போது, எந்த அச்சகம் இதைச் செய்யத் தயாராக இருக்கிறதோ, அவர்களுக்கு 24 வரியையும் கணக்குப் போட்டுப் பிழை பார்த்து நானே எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மாபேட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்